ரைகர் இல்லாத வீட்டுக்கு என்ன கொண்டுபோவது?

கேள்வி: எங்கட பக்கத்து வீட்டு ரீச்சரின்ர ரைகர் போன கிழமை செத்துப்போச்சு. 11 வயது, கறுப்பு நாய். கிட்னி பழுதெண்டு டொக்டர் சொன்னவராம். பின்வளவிலதான் தாட்டவை. ரீச்சர் பென்சன் எடுத்துத் தனிய இருக்கிறா, பிள்ளையள் ரெண்டுபேரும் கனடாவில. என்ர மகள் அவவிட்டைத்தான் ரியூசன் படிச்சவள். ஏதாவது குடுக்கவேணும்போல கிடக்கு. சுன்னாகத்தில ஒரு வீட்டில குட்டியள் இருக்கு, ஒண்டை வாங்கிக் குடுப்பமோ? "நாய்க்கென்ன செத்தவீடோ, பேசாமல் இரு" எண்டு இவர் சொல்றார். 5,000 ரூபாய்க்குள்ள என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, கோண்டாவில்

பதில்: குட்டியை இப்போதைக்கு விடுங்கோ, தங்கச்சி. நாய்க்குட்டி என்பது வேலை. இரவில் அழும், விறாந்தையெல்லாம் நனைக்கும், செருப்பைக் கடிக்கும். ஆறு முதல் எட்டுக் கிழமையில் முதல் தடுப்பூசி, பிறகு மூன்று நான்கு கிழமைக்கொரு தடவை, நாலு மாதம் ஆகும்வரை அதைத் தூக்கிக்கொண்டு மிருக வைத்தியரிடம் அலையவேண்டும். நீங்கள் ஆசையோடு கொண்டுபோனால் ரீச்சரால் வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. ரைகரின் கோப்பையில் இன்னொன்று சாப்பிடுவதைப் பார்க்க அவருக்கு இப்போது மனம் வருமோ தெரியாது. சில மாதம் போய் அவராகவே கேட்டால் கூட்டிக்கொண்டு போங்கோ, தெரிவை அவரிடமே விடுங்கோ. (மற்ற வாசகர்களுக்கு ஒன்று: உங்கள் நாய் இரத்தமாய்க் கழிந்து, பார்வோ நோயில் செத்திருந்தால், அந்தக் கிருமி வளவு மண்ணில் பல மாதம் கிடக்கும். தடுப்பூசி முடியாத குட்டியை அந்த வளவில் விடக்கூடாது. ரைகருக்கு வந்தது கிட்னி வருத்தம் என்பதால் ரீச்சர் வீட்டில் அந்தப் பயம் இல்லை.)

முதலில் கொண்டுபோகவேண்டியது சாப்பாடு. ஒரு செத்தவீடு நடந்தால் அந்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள், அயலில் இருந்துதான் எல்லாம் போகும். ரைகருக்காக யாரும் சட்டி தூக்கிக்கொண்டு போயிருக்கமாட்டார்கள். ஒரு பின்னேரம் இடியப்பமும் சொதியும் சம்பலும் கொண்டுபோங்கோ. ஒரு ஆளுக்கு ஒரு நேரத்துக்குக் காணுமான அளவு மட்டும். கூடக் கொடுத்தால் மிஞ்சும். மிஞ்சினதையெல்லாம் இவ்வளவு காலமும் பின்கதவைத் திறந்து ரைகருக்குத்தான் வைத்திருப்பார். அங்கே இருக்கும்போது நாயின் பேரைச் சொல்லிக் கதையுங்கோ. "வயசுபோனதுதானே", "இன்னொண்டு வளர்க்கலாம்தானே" என்ற இரண்டையும் வாயில் எடுக்கவேண்டாம். அழுதால் அழட்டும். அது நீங்கள் அழவைத்தது ஆகாது.

உங்கள் 5,000 ரூபாயை நான் ஒரு படத்தில் போடுவேன். கடையில் விற்கிற நாய்ப் பொம்மை, பொன்மொழி அச்சடித்த கோப்பை எல்லாம் எந்த நாய்க்கும் பொருந்தும். ரீச்சர் இழந்தது ரைகரை. அவரிடம் இல்லாத ரைகர் படம் ஒன்று கட்டாயம் உங்கள் வீட்டிலேயே இருக்கும். மகள் ரியூசனுக்குப் போன காலத்துப் போன் படங்களைத் தேடுங்கோ. பிள்ளைகள் வட்டமாய் இருந்து படிக்கிற படத்தில் ஒரு மூலையில் படுத்திருக்கும். அவளோடு படித்த பிள்ளைகளிடமும் கேட்கச் சொல்லுங்கோ. கனடாவில் இருக்கிற பிள்ளைகளிடமும் கேளுங்கோ, போன முறை வந்துநின்றபோது எடுத்திருப்பார்கள். ரீச்சரிடம் மட்டும் கேட்கவேண்டாம். அவரை இப்போது போனைத் திறந்து தேடவைப்பது கொடுமை.

படம் அனுப்பச் சொல்லும்போது வட்ஸ்அப்பில் சும்மா படமாக அனுப்பவேண்டாம், டொக்கியூமென்ட் ஆக அனுப்பச் சொல்லுங்கோ. சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, நீளப் பக்கம் 1,600 பிக்சல் அளவில்தான் வந்து சேரும். அச்சடிக்க ஒரு அங்குலத்துக்கு 300 பிக்சல் இருந்தால் திறம், 200 இருந்தால் பரவாயில்லை. அப்படிப் பார்த்தால் சுருங்கின படத்தை எட்டு அங்குல நீளத்துக்குமேல் பெருப்பிக்க ஏலாது. மூலையில் படுத்திருக்கிற ரைகரை மட்டும் வெட்டி எடுத்தால் இன்னும் மோசம். வெட்டின துண்டு 600 பிக்சல்தான் என்றால் மூன்று அங்குலம்தான் தாங்கும். அதைப் பன்னிரண்டு அங்குலத்துக்கு இழுத்தால் மூக்கு எது கண் எது என்று தெரியாது. அப்படியானால் வெட்டாதேயுங்கோ. பிள்ளைகள், கரும்பலகை, கதிரைக் கால், ரைகர் எல்லாம் சேர்ந்த முழுப்படமே நல்லது. ரீச்சருக்கு அந்த மூலையும் வேண்டியதுதான்.

எந்தப் படம் என்று தெரிவுசெய்யும்போது இரண்டு விஷயம். கடைசி மாதங்களில் எடுத்ததை எடுக்கவேண்டாம். கிட்னி பழுதான நாய் சாப்பாட்டை விட்டு எலும்பும் தோலுமாய்ப் போய்விடும், அந்தக் கோலம் ரீச்சரின் கண்ணில் இப்போது நிறையவே நிற்கும். அடுத்தது, ரைகர் கறுப்பு. கறுப்பு நாய் வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்றால் போன் சுவரின் வெளிச்சத்தைப் பார்த்துப் படத்தை இருட்டாக்கிவிடும், நாய் நிழலாய்த்தான் விழும். மரநிழலில் எடுத்த படமாய், கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சம் தெரிகிறதாய்ப் பாருங்கோ. கண் தெரிந்தால் முகம் தானாய் வரும். கொஞ்சம் இருட்டாய் இருந்தால் ஸ்ரூடியோவில் நாயின் பகுதியை மட்டும் சற்று வெளிச்சமாக்கித் தருவார்கள். கூட்டிவிட்டால் கறுப்பு சாம்பலாகிவிடும், அச்சடிக்கமுன் திரையில் ஒருக்கால் பார்த்துவிட்டு ஓம் சொல்லுங்கோ.

ஸ்ரூடியோக்காரரை அவர்பாட்டில் விட்டால் பின்னால் நீர்வீழ்ச்சி வைப்பார், முதுகில் செட்டை முளைக்கவைப்பார், சுற்றிவர ரோசாப்பூ வைப்பார். ஒன்றும் வேண்டாம் என்று முதலே சொல்லிவிடுங்கோ. "கண்ணீர் அஞ்சலி", தோற்றம், மறைவு ஒன்றும் போடவேண்டாம். சந்தியில் ஒட்டுகிற நோட்டீஸ் மாதிரி ஆகிவிடும், அதைப் பார்த்து யாராவது சிரித்தால் ரீச்சருக்கு இரண்டாம் முறை நோகும். பேர்கூடத் தேவையில்லை, போடுவதென்றால் கீழே சின்னதாய் "ரைகர்".

ஆறுக்கு எட்டு அங்குலம் போதும். மினுக்கம் இல்லாத மற் தாளில் அடியுங்கோ. கறுப்பு நாயின் படத்தை மினுக்கத் தாளில் அடித்தால் யன்னல் வெளிச்சந்தான் தெரியும், நாய் தெரியாது. கண்ணாடி படத்தில் முட்டாமல் நடுவில் மட்டை மவுண்ட் வைத்து பிறேம் போடச் சொல்லுங்கோ. எங்கள் மாரியில் ஈரம் ஏறினால் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு இழுத்தால் முகம் உரிந்து வரும். ஈரம் ஏறாது என்று நினைத்து லமினேற் பண்ணிவிடாதேயுங்கோ, பழுதானால் திருப்பி எடுக்க வழியில்லை. சுவரில் மாட்டுகிற பிறேமைவிட மேசையில் நிற்கிற பிறேம் நல்லது. சுவருக்கு ஆணி அடிக்க ஆள் தேடவேண்டும், அதோடு எங்கள் வீடுகளில் சுவரில் பெரிய படம் என்றால் மாலை போட்ட அம்மா அப்பாவின் படம்தான். மேசைப் படத்தை அவர் விரும்பினால் வைப்பார், விரும்பாவிட்டால் கொஞ்ச நாள் லாச்சியில் வைப்பார். பிறேமின் விலையை மட்டும் முதலே கேட்டுக்கொள்ளுங்கோ, படம் அடிக்கிறதைவிட அதுதான் காசை விழுங்கும்.

அவசரப்பட்டு இந்தக் கிழமையே கொடுக்கவேண்டாம். மனிதர் செத்தால் எட்டு, அந்தியேட்டி என்று ஒரு மாதத்துக்கு ஆட்கள் வந்துபோவார்கள், நாய்க்கு இரண்டாம் நாளே எல்லாரும் மறந்துவிடுவார்கள். ஆனபடியால் ரைகர் செத்த 31ஆம் நாள் அளவில் கொண்டுபோங்கோ. அந்த நாளைச் சொல்லிக்காட்டத் தேவையில்லை. படத்தைப் பேப்பரில் சுற்றிக் கையில் கொடுங்கோ, உடனே பிரிக்கச் சொல்லி முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டாம். மகளை ஒரு துண்டில் நாலு வரி எழுதச் சொல்லுங்கோ. "எங்களை மறக்கமாட்டம் ரீச்சர்" என்ற மாதிரிப் பொதுவாய் எழுதினால் பயனில்லை. ரைகர் அவளின் பிஸ்கட்டைப் பறித்ததோ, மழைக்கு மேசைக்குக் கீழே ஒளித்ததோ, அவள் கண்ட ஒன்றாய் இருக்கட்டும். ரீச்சர் காணாத ஒன்றாய் இருந்தால் இன்னும் திறம்.

பூங்கொத்து வாங்கவேண்டாம், வாடினதை எறிகிற வேலையும் அவருக்குத்தான் வரும். பூனை இருக்கிற வீட்டுக்கு லில்லிப் பூ கொண்டே போகக்கூடாது. அதன் மகரந்தத்தை நக்கினாலே பூனையின் கிட்னி பழுதாகும்.

உங்கள் இவருக்கும் ஒரு வேலை இருக்கிறது, காசு செலவில்லை. கோண்டாவில் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். தாட்டவர்கள் கல்லில் முட்டினதும் போதும் என்று நிறுத்தியிருப்பார்கள். மூன்று அடி இறங்காத குழியென்றால் மழை விழ மண் இறங்கும், பள்ளத்தில் தண்ணீர் நிற்கும், தெருநாய் வந்து கிண்டும். அதை ஒரு விடியற்காலை ரீச்சர் காணக்கூடாது. மாரி தொடங்கமுன் ரீச்சரிடம் கேட்டு, இரண்டு தள்ளுவண்டில் மண் போட்டு இறுக்கி, மேலே தட்டையான கல்லுகளை நெருக்கமாய் அடுக்கிவிடச் சொல்லுங்கோ. பூமரம் வைக்க ரீச்சருக்கு விருப்பமென்றால் மேட்டின்மேல் வேண்டாம், மண் இறங்க மரமும் சரியும். இரண்டு அடி தள்ளி, உங்கள் வேலியில் நிற்கிற செவ்வரத்தையில் ஒரு தடியை வெட்டி ஊன்றலாம். அலரி மட்டும் வேண்டாம். அதன் இலையும் பூவும் நஞ்சு, ஒரு காலத்தில் அந்த வளவில் இன்னொரு குட்டி ஓடித்திரியக்கூடும்.