பிஆர்எஸ்ல 4,100 இடிக்குதா? முதல்ல கேஷ் புக்கை திருத்துங்க

கேள்வி: சார், ஒரு ஹார்டுவேர் கடையில அக்கவுன்ட்ஸ் பாக்கறேன். மார்ச் 31 அன்னிக்கு கேஷ் புக்ல பேங்க் பேலன்ஸ் 48,600, ஸ்டேட்மென்ட்ல 48,000. நாங்க குடுத்து இன்னும் பேங்குக்கு வராத செக் 12,000, நாங்க போட்டு இன்னும் கிரெடிட் ஆகாத செக் 8,500. கேஷ் புக்கையும் ஸ்டேட்மென்ட்டையும் ஒத்துப் பாக்கற பேங்க் ரீகன்சிலியேஷன் ஸ்டேட்மென்ட், அதான் பிஆர்எஸ்ல, கூட்டிக் கழிச்சா 52,100 வருது, 4,100 இடிக்குது. ரெண்டு புக்கு பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கேன், எங்க தப்பு?

பதில்: நீங்க கூட்டினதும் கழிச்சதும் சரிதாங்க, தப்பு ஆரம்பிச்ச இடத்துல இருக்கு. 48,600ங்கற நம்பரே சரியில்ல.

வித்தியாசம் வர்றதுல ரெண்டு ஜாதி இருக்கு. செக் குடுத்தோம், அவங்க இன்னும் பேங்க்ல போடல, இல்லேன்னா நாம போட்ட செக் இன்னும் கிளியர் ஆகலன்னா அதுல யாரு மேலயும் தப்பு கிடையாது, நாள் தள்ளிப் போகுது அவ்ளோதான், அதுக்கு கேஷ் புக்ல கை வைக்கவே கூடாது, பிஆர்எஸ்ல காட்டினா போதும். ஆனா நாமளே தப்பா எழுதினது, பேங்க் பிடிச்சுக்கிட்டதை நாம எழுதாம விட்டது, இதெல்லாம் எத்தனை நாள் காத்திருந்தாலும் தானா சரியாகாது, என்ட்ரி போட்டுத்தான் ஆகணும். அதனால முதல்ல கேஷ் புக்கை திருத்தி, அந்த பேலன்ஸை வச்சு பிஆர்எஸ் ஆரம்பிங்க.

போட்டோல பாத்ததுல மூணு விஷயம் மாட்டுச்சு. முதல்ல, பெயின்ட் சப்ளையருக்கு குடுத்த 2,000 ரூபா செக்கு. அது ஸ்டேட்மென்ட்ல டெபிட் ஆகியாச்சு, ஆனா உங்க கேஷ் புக்ல பேமென்ட் சைடுல அதைக் காணோம், ரிசீப்ட் சைடுல உக்காந்திருக்கு. இங்க 2,000 மட்டும் கழிச்சா பத்தாது. கூட்டக்கூடாத 2,000ஐ கூட்டினதுக்கு ஒரு தடவை, கழிக்க வேண்டிய 2,000ஐ கழிக்காததுக்கு இன்னொரு தடவை, மொத்தம் 4,000 கழிக்கணும். நிறைய பேரு சறுக்கறது இங்கதான்: ரிசீப்ட் சைடுல டிக் ஆகாம நிக்கற 2,000ஐ பாத்துட்டு "இன்னும் கிரெடிட் ஆகல போல"ன்னு 8,500ஓட சேர்த்துடுவாங்க. அப்படி டிக் ஆகாம ஒண்ணு நின்னா உடனே சேர்க்காதீங்க, பேங்க்ல செக் போட்ட சலான் கவுன்டர்ஃபாயில் இருக்கான்னு எடுத்துப் பாருங்க.

ரெண்டாவது, கஸ்டமர் குடுத்த 4,530 ரூபா செக்கை 4,350ன்னு எழுதியிருக்கீங்க, ஸ்டேட்மென்ட்ல சரியா 4,530தான் கிரெடிட் ஆகியிருக்கு, ஸோ 180 கூட்டணும். மூணாவது, பேங்க் சார்ஜஸ் 280 பிடிச்சிருக்காங்க, அது உங்க புக்ல ஏறவே இல்ல, அதை கழிக்கணும்.

இப்ப போட்டுப் பாருங்க. 48,600ல 4,000 கழிச்சா 44,600, 180 கூட்டினா 44,780, 280 கழிச்சா 44,500. இதுதான் திருத்தின கேஷ் புக் பேலன்ஸ், மார்ச் 31 பேலன்ஸ் ஷீட்டுக்கும் இதுதான் போகணும், 48,000 இல்ல. இங்கிருந்து வராத செக் 12,000ஐ கூட்டினா 56,500, கிரெடிட் ஆகாத 8,500ஐ கழிச்சா 48,000. ஸ்டேட்மென்ட்டோட டேலி.

இடிக்கற தொகையை ரெண்டால வகுத்துப் பாரு, சைடு மாறின என்ட்ரி கிடைக்கும், ஒன்பதால வகுபட்டா நம்பர் இடம் மாறியிருக்குன்னு ஒரு குறுக்குவழி சொல்லுவாங்க. உண்மைதான், ஆனா ஒரே ஒரு தப்பு இருந்தா மட்டும்தான் அது வேலை செய்யும். 180 ஒன்பதால வகுபடும், 4,100 வகுபடாது. 4,100ல பாதி 2,050, அப்படி ஒரு செக்கே உங்க புக்ல கிடையாது. மூணு தப்பு கலந்து கிடந்தா ஒவ்வொரு வரியா டிக் அடிக்கறதைத் தவிர வேற வழி இல்லைங்க.

பரீட்சைக்குப் படிக்கறவங்களுக்கு ஒண்ணு: கேள்வில திருத்தின கேஷ் புக் கேக்காம பிஆர்எஸ் மட்டும் கேட்டிருந்தா, எல்லா ஐட்டத்தையும் பிஆர்எஸ்லயே காட்டிடலாம், அதே 48,000தான் வரும். ஓவர்டிராஃப்ட்னா ஆரம்ப பேலன்ஸை மைனஸா எடுத்துக்கிட்டு இதே மாதிரி போங்க, கூட்டல் கழித்தலை மாத்தி மனப்பாடம் பண்ண வேண்டாம்.

ஏப்ரல் ஸ்டேட்மென்ட் வந்ததும் அந்த 8,500 ஏறிடுச்சான்னு முதல் வாரத்துலயே பாருங்க, ஏறலைன்னா ரிட்டர்ன் ஆகியிருக்கலாம், அப்போ பார்ட்டி கணக்குல திருப்பி எழுதணும். 12,000ல இருக்கற செக்குகள் தேதியில இருந்து மூணு மாசம்தான் செல்லும், அதுக்குள்ள வரலைன்னா அந்த பார்ட்டிக்கு போன் போட்டு விசாரிச்சுட்டு, கேஷ் புக்ல ரிவர்ஸ் பண்ணி அவங்க பாக்கியை திரும்பக் காட்டுங்க.