வெறும் பாறை காடாவது எப்படி?

"பாறையில் மண்ணே இல்லை, அங்கே காடு எப்படி வருகிறது? லைக்கன், பாசி, புதர், மரம் என்று வரிசையாக எழுதினால் போதுமா?"

போதாது. நைட்ரஜன் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பாறை சிதைந்தால் பாஸ்பரஸ், கால்சியம் கிடைக்கும். நைட்ரஜன் பெரும்பாலும் காற்றிலிருந்துதான் வரவேண்டும்.

அலாஸ்காவின் கிளேசியர் விரிகுடாவில் சுமார் 1750க்குப் பிறகு பனியாறு பின்வாங்கியது. மிஞ்சியது கல்லும் சரளையும். சூழலியலாளர் வில்லியம் கூப்பர் 1916இல் அங்கே நிரந்தர அளவீட்டுக் கட்டங்களைக் குறித்தார். முதலில் பாசியும் லைக்கனும் மெல்லிய கருமேலோடாகப் படியும். பிறகு தரையோடு படரும் டிரையாஸ் வரும். அடுத்து ஆல்டர் புதர். ஆல்டரின் வேரைத் தோண்டினால் பவளக்கொத்து போல முடிச்சுகள் தெரியும். அவற்றுக்குள் இருக்கும் பிராங்கியா பாக்டீரியா காற்றின் நைட்ரஜனைச் செடிக்குப் பிடித்துத் தருகிறது. உதிர்ந்த இலைகள் மட்கி, காரத்தன்மையோடு இருந்த மண் மெல்ல அமிலமாகிறது. சிட்கா ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரம் அங்கே வேரூன்றி உயர்ந்ததும், அதன் நிழலிலேயே ஆல்டர் மடிந்துபோகிறது.

பலர் சறுக்குவது இங்கேதான்: ஆல்டர் உதவி மட்டும் செய்வதில்லை. அதன் அடர்நிழலும் சருகும் ஸ்புரூஸ் நாற்றுகளை நெரிக்கவும் செய்யும். விரிகுடாவின் பழைய பகுதிகளில் விதை மரங்கள் அருகிலேயே இருந்ததால், அடர்ந்த ஆல்டர் கட்டம் இல்லாமலே ஸ்புரூஸ் வந்துவிட்டதை மரவளையங்கள் காட்டுகின்றன.