ஓடத் தொடங்கியதும் கடிகாரம் காட்டும் நாடித்துடிப்பை நம்பலாமா?

"மெதுவோட்டம் தொடங்கி 2 நிமிடம் ஆகியும் என் கடிகாரம் முதல் மண்டலத்தையே, அதாவது மிகக் குறைந்த உழைப்புக்கான துடிப்பு வரம்பையே, காட்டுகிறது. இரண்டாம் மண்டலத்துக்கு வர வேகத்தைக் கூட்டலாமா?"

வேண்டாம், அதே வேகத்தில் ஓடுங்கள். துடிப்பு இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது.

அடியெடுத்து வைத்த சில நொடிகளிலேயே இதயத்தை அடக்கி வைத்திருக்கும் வேகஸ் நரம்பு தன் பிடியைத் தளர்த்துவதால் துடிப்பு சட்டென்று உயரும். மீதி உயர்வு நிதானமாக வரும்; இதயத்தை முடுக்கும் பரிவு நரம்புகளும் அட்ரினலினும் வேலை செய்ய நேரம் பிடிக்கும். இலகுவான வேகத்தில் துடிப்பு ஓரளவு நிலைபெற 3 முதல் 5 நிமிடம் ஆகலாம். வேகம் கூடினால் இன்னும் நீளும்.

ஒருவருக்கு இரண்டாம் மண்டலம் நிமிடத்துக்கு 125 முதல் 138 துடிப்பு வரை என்று வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு 8 நிமிட வேகத்தில் ஓடும்போது முதல் நிமிட முடிவில் 112, ஐந்தாவது நிமிடத்தில் 132 என்று அவர் துடிப்பு போகலாம். அந்த 112ஐப் பார்த்து 7 நிமிட வேகத்துக்கு மாறினால், பத்தாவது நிமிடத்தில் 150ஐத் தாண்டியிருப்பார். இலகு ஓட்டம் கடின ஓட்டமாகிவிடும்.

எதிர்த்திசையிலும் ஏமாறலாம். குளிர்ந்த மணிக்கட்டில் ரத்த ஓட்டம் குறைவாக இருக்கும்போது, கடிகாரத்தின் ஒளி உணரி காலடி எண்ணிக்கையைத் துடிப்பாக எடுத்துக்கொண்டு 165 என்று காட்டக்கூடும். மூச்சு வாங்காமல் பேச முடிகிறதென்றால் அந்த எண்ணைப் பொருட்படுத்தாதீர்கள்.

முதல் 10 நிமிடம் பேச்சே அளவுகோலாக இருக்கட்டும். அதன் பிறகு மண்டலத்தைப் பாருங்கள்.