ஈஆர்பி இருக்கைகள்: நேம்ட் வாங்குவதா, கொன்கரன்ட் வாங்குவதா? கேள்வி பதில்

கொட்பே, மீன் பதனிடும் கம்பனிக் கணக்காளர்: அக்கா, கணக்கு, கையிருப்பு, கொள்வனவு எல்லாம் ஒன்றாக நடக்கும் ஈஆர்பி சிஸ்டத்தை எங்களிடம் 46 பேர் பாவிக்க வேண்டும். அலுவலகம் 10, இறங்குதுறையில் கொள்வனவு 4, மூன்று சிப்டிலும் எட்டுப்பேர் வீதம் மேற்பார்வையாளர்கள் 24, அறிக்கை மட்டும் பார்க்கும் முகாமையாளர்கள் 8. விற்பவர் 46 நேம்ட் லைசன்ஸுக்குக் கொட்டேஷன் தந்தார். கொன்கரன்ட் ஓர் இருக்கை அதைப்போல் 1.8 மடங்கு விலை. பழைய சிஸ்டத்தின் லொக்கில் ஒரே நேரத்தில் அதிகபட்சம் 33 பேர். எதை எடுப்பது?

யார் எப்போது உள்ளே வந்து போனார் என்று பதியும் லொக்கைப் பார்த்துவிட்டுக் கேட்டதற்கு முதலில் நன்றி. பலர் அதைச் செய்யாமலே எண்ணிக்கை சொல்கிறார்கள்.

புதியவர்களுக்காக ஒரு வரி: நேம்ட் இருக்கை பெயர் குறித்த ஓர் ஆளுக்கு மட்டும், கொன்கரன்ட் இருக்கையில் யாரும் உட்காரலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான். 46ஐ 1.8ஆல் வகுத்தால் 25 சொச்சம் வரும். உங்கள் உச்சம் 25 அல்லது அதற்குக் கீழே என்றால் கொன்கரன்ட் மலிவு, 26ஐத் தொட்டாலே நேம்ட் மலிவு. 33ஐ வைத்துப் பார்த்தால் கேள்வியே இல்லை, நேம்ட்தான். ஆனால் அந்த 33 எந்த நேரத்தில் வந்தது என்று பாருங்கள். பிற்பகல் 2 மணியை ஒட்டி வந்திருக்கும் என்று நினைக்கிறேன். காலைச் சிப்டின் எட்டுப்பேர் லொக் அவுட் செய்யாமல் கைகழுவப் போயிருப்பார்கள், அடுத்த எட்டுப்பேர் உள்ளே வந்திருப்பார்கள். அலுவலகம் 10, இறங்குதுறை 4, மேற்பார்வையாளர்கள் 16, முகாமையாளர்கள் மூன்று பேர். கூட்டினால் 33. அதில் எட்டு வேலை செய்யாத இருக்கை. சும்மா கிடக்கும் திரையை 15 நிமிடத்தில் தானாக வெளியேற்றும்படி அமைத்து, சிப்ட் ஒப்படைக்கும்போது லொக் அவுட்டையும் ஒரு படியாக்கினால் உச்சம் 25க்கு இறங்கும்.

அப்படியும் முழுவதையும் கொன்கரன்டாக வாங்கச் சொல்லமாட்டேன். மாத இறுதிக்கு இரண்டு இருக்கை கையிருப்பு வேண்டும். 27 இருக்கை என்றாலே 46 நேம்டைவிட விலை கூடிவிடும். ஆட்களைப் பிரித்துப் பாருங்கள். ஒரு நேம்ட் 100 என்று வைத்துக்கொள்வோம். 46 நேம்ட் 4,600.

அலுவலகத்துப் பத்துப்பேரும் இறங்குதுறை நால்வரும் வேலை நேரம் முழுக்க உள்ளே இருப்பவர்கள். அவர்களுக்கு நேம்ட், 1,400. சிப்ட் ஆட்கள் 24 பேரில் ஒரு நேரத்தில் வேலை செய்வது எட்டுப்பேர். ஒப்படைக்கும் நேரத்துக்கு இரண்டு சேர்த்துப் பத்து கொன்கரன்ட், 1,800. முகாமையாளர்களுக்குப் பார்வை மட்டும் தரும் மலிவு லைசன்ஸ் கேளுங்கள். அது நேம்ட் விலையில் 40 சதவீதம் என்று வைத்தால் எட்டுப்பேருக்கு 320. மொத்தம் 3,520. கொட்டேஷனைவிட 1,080 குறைவு, கிட்டத்தட்ட கால்வாசி.

ஒரே சிஸ்டத்தில் இரண்டு வகையையும் கலக்க எல்லா விற்பனையாளரும் விடுவதில்லை. உங்கள் விற்பவர் விடுவாரா என்பதை எழுத்தில் வாங்குங்கள். விடாவிட்டால், சிப்ட் ஆட்கள் பாவிக்கும் கணனிகளுக்குச் சாதன லைசன்ஸ் உண்டா என்று கேளுங்கள். மைக்ரோசொப்டின் ஈஆர்பியான பிசினஸ் சென்ட்ரலில் அப்படி ஒன்று உண்டு. ஒரு கணனிக்கு ஒரு லைசன்ஸ், அதில் எந்தச் சிப்டில் யார் உட்கார்ந்தாலும் சரி.

சீனக்குடா, ஸ்டோர் பொறுப்பாளர்: லொக்கிலிருந்து உச்சத்தை எப்படி எடுப்பது? எங்கள் ஐடி தம்பி மணிக்கு ஒருமுறை எண்ணிப் பார்த்தார்.

மணிக்கு ஒருமுறை எண்ணினால் இடையில் பத்து நிமிடம் வந்துபோன உச்சம் தப்பிவிடும். உள்ளே இருப்போர் தொகை கூடுவது யாராவது லொகின் செய்யும் கணத்தில் மட்டும்தான். ஆகவே ஒவ்வொரு லொகின் கணத்திலும் எத்தனை பேர் உள்ளே என்று எண்ணினால் போதும். எக்செல்லின் B நிரலில் லொகின் நேரமும் C நிரலில் லொக் அவுட் நேரமும் வைத்து, D2இல் இதைப் போட்டுக் கீழே இழுத்துவிடுங்கள்:

```
=COUNTIFS(B:B,"<="&B2,C:C,">"&B2)
```

D நிரலின் மிகப்பெரிய எண்தான் உச்சம். இதில் இரண்டு பொறி உண்டு. லொக் அவுட் இல்லாத வரிகளில் C வெறுமையாக இருக்கும், அவை எண்ணிக்கையில் சேரா. கடைசியாக வேலை செய்த நேரத்தோடு தானாக வெளியேற்றும் நிமிடங்களைக் கூட்டி அதில் நிரப்புங்கள். ஒரே ஆள் இரண்டு சன்னல் திறந்தால் இரண்டு வரி வரும். சில தயாரிப்புகள் அதை இரண்டு இருக்கையாகவே எண்ணும், சில ஒன்றாக எண்ணும். அதற்கேற்ப வரிகளைக் கழியுங்கள், அல்லது விடுங்கள்.

குறைந்தது இரண்டு மாத இறுதிகளாவது லொக்கில் இருக்க வேண்டும். மார்ச் 31ஐ ஒட்டிய வாரங்களும் கிடைத்தால் இன்னும் நல்லது. ஏற்கெனவே கொன்கரன்ட் எல்லை இருக்கும் சிஸ்டம் என்றால் உச்சம் அந்த எல்லையில் தட்டி நிற்கும். அப்போது "இருக்கை இல்லை" என்று திருப்பி அனுப்பப்பட்ட லொகின்களையும் எடுங்கள்.

மூதூர்: 12 பேர். எது மலிவு?

எத்தனை பேர் ஒரே நேரத்தில், எத்தனை மடங்கு விலை? இரண்டும் இல்லாமல் பதில் இல்லை. முதல் பதிலில் வழி இருக்கிறது.

நிலாவெளி, ஹோட்டல் கணக்குப் பிரிவு: எங்களுக்கு சீசன் மே முதல் செப்டம்பர் வரை. அப்போது 30 பேர், மற்ற மாதங்களில் 11 பேர். வருடம் முழுக்க 30க்குக் கட்டுகிறோம்.

உங்கள் சிக்கல் நேம்டா கொன்கரன்டா என்பது இல்லை, ஒப்பந்தக் காலம். மைக்ரோசொப்டின் மேகச் சந்தாவில் வருட ஒப்பந்தம் போட்டால், முதல் ஏழு நாட்களுக்குப் பிறகு நடுவில் இருக்கையைக் குறைக்க முடியாது. மாதாந்த ஒப்பந்தத்தில் குறைக்கலாம், விலை சுமார் 20 சதவீதம் கூட. 11ஐ வருடத்துக்கும் மிகுதி 19ஐ ஐந்து மாதத்துக்கு மாதாந்தமாகவும் எடுங்கள். அந்த 19க்கு இப்போது 12 மாத விலை கட்டுகிறீர்கள். மாற்றினால், 20 சதவீதம் கூட்டியும், ஆறு மாத விலைதான் வரும். ஒக்டோபரில் மறக்காமல் குறைப்பதற்கு ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

சந்தா டொலரில் என்பதையும் பாருங்கள். 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐ எட்டியபோது, இருக்கை கூடாமலே பில் கூடியது.

கந்தளாய், அரிசி ஆலை முகாமையாளர்: ஏன் இவ்வளவு கணக்கு? ஒரு நேம்ட் வாங்கி மூன்று சிப்டுக்கும் ஒரே பாஸ்வேர்ட் கொடுத்திருக்கிறேன். ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே. அதுதானே கொன்கரன்ட்?

ஒரு நேரத்தில் ஒருவர் என்பது சரி. ஆனால் நீங்கள் விலை கொடுத்தது அதற்கல்ல. நேம்ட் என்பது அந்த ஒரு ஆளுக்கு. அவர் வேலையை விட்டுப் போனால் அடுத்தவருக்கு மாற்றலாம், சிப்டுக்குச் சிப்ட் மாற்ற முடியாது. ஒரே பெயர் 24 மணி நேரமும் நெல் வரவு பதிவதைக் கண்டுபிடிக்க ஒரேயொரு அறிக்கை போதும். மாட்டினால் விடுபட்ட லைசன்ஸுக்குப் பட்டியல் விலை, பின்னோக்கிய பராமரிப்புக் கட்டணம் எல்லாம் கேட்பார்கள். கழிவு கேட்கிற நிலையில் அப்போது நீங்கள் இருக்கமாட்டீர்கள்.

உவர்மலை, ஓய்வுபெற்ற கணக்காய்வாளர்: லைசன்ஸை விடுங்கள் பிள்ளை. இரவு 2 மணிக்கு 40 மூடை குறைத்துப் பதிந்தது யார் என்று அந்த ஆலையில் எப்படிச் சொல்வார்கள்? மூன்று பேரும் "நான் இல்லை" என்பார்கள்.

ஐயா சொல்வதுதான் இதில் பெரிய இழப்பு. யார் பதிந்தது என்ற தடம் போனால் மற்ற இருவர் மீதும் காரணமில்லாமல் சந்தேகம் விழும்.

கந்தளாய், அரிசி ஆலை முகாமையாளர்: எங்களிடம் சிப்ட் புத்தகம் இருக்கிறது, கையொப்பம் இருக்கிறது. சின்ன ஆலைக்கு மூன்று நேம்ட் கட்டுப்படியாகாது.

கையொப்பப் புத்தகம் ஐயாவின் கேள்விக்கு ஓரளவு பதில். ஒப்பந்தத்துக்குப் பதில் இல்லை. ஒரு கொன்கரன்ட் இருக்கையும் மூன்று தனித்தனி லொகினும் கேளுங்கள். உங்கள் நிலைக்கு அது நேரானது, விலை மூன்று மடங்கை எட்டாதவரை மூன்று நேம்டைவிட மலிவு.

கிண்ணியா, மென்பொருள் எழுதுபவர்: லொகினே கொடுக்காமல் விடலாமே. நான் ஒரு வெப் படிவம் செய்து தருகிறேன். 20 பேர் அதில் நிரப்புவார்கள், பின்னால் ஒரே ஒரு கணக்கு ஈஆர்பிக்குள் எழுதும். ஒரு லைசன்ஸ் போதும்.

தம்பி, இதே கேள்விதான் 2017 பெப்ரவரியில் லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. டியாஜியோ கம்பனியின் விற்பனையாளர்களும் வாடிக்கையாளர்களும் சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற வேறொரு மென்பொருளில் செய்த செயலிகள் வழியாக, எஸ்ஏபி என்ற நிறுவனத்தின் ஈஆர்பிக்குள் தரவு அனுப்பினார்கள். நடுவில் இருந்தது ஓர் இணைப்பு மென்பொருள். எஸ்ஏபி கேட்டது 5 கோடி 40 இலட்சம் பவுணுக்கு மேல். மறைமுகமாகப் பாவித்தாலும் அது பாவனைதான், லைசன்ஸ் வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. தொகையை அந்தத் தீர்ப்பில் முடிவு செய்யவில்லை. அடுத்த வருடம் எஸ்ஏபி, வெளியிலிருந்து உருவாகும் ஆவணங்களை எண்ணிக் கட்டணம் வாங்கும் முறையைக் கொண்டுவந்தது. நீங்கள் படிவம் எழுதுங்கள், எழுதுவதில் குற்றமில்லை. எழுத முன் ஒப்பந்தத்தில் மறைமுகப் பாவனை பற்றிய பந்தியைப் படியுங்கள்.

கிண்ணியா, மென்பொருள் எழுதுபவர்: அப்படியென்றால் 20 பேர் தாளில் எழுதித்தந்து, ஒரு கிளார்க் எக்செல்லில் ஏற்றினால்? அதுவும் மறைமுகமா?

தாளைப் பார்த்து ஒருவர் தட்டச்சு செய்தால், பாவிப்பவர் அந்தக் கிளார்க் ஒருவர்தான் என்று நான் சொல்வேன். இருபது பேரும் நேரே எக்செல்லில் நிரப்பி அது இரவில் தானாக ஏறினால், மறைமுகம் என்று சொல்வேன்.

உவர்மலை, ஓய்வுபெற்ற கணக்காய்வாளர்: எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது. தரவைத் தருபவர் அதே இருபது பேர்.

ஐயா, மனிதர் ஒருவர் நடுவில் நின்று சரிபார்த்து ஏற்றுவதை ஏற்கும் ஒப்பந்தங்களும் உண்டு, ஏற்காதவையும் உண்டு. நாம் இருவரும் இதில் உடன்படப் போவதில்லை. தம்பி விற்பவருக்கு மின்னஞ்சல் எழுதிப் பதிலைக் கோப்பில் வைக்கட்டும்.

உப்புவெளி: 20 பேருக்கு நேம்டா கொன்கரன்டா, எது லாபம்?

லொக்.

தம்பலகாமம்: எங்கள் கடையில் ஐந்து கணனி. விண்டோஸ் லைசன்ஸும் கொன்கரன்டாக வாங்கலாமா?

அது வேறு விஷயம், கணனி விற்றவரிடம் கேளுங்கள்.

பாலையூற்று, கூட்டுறவுச் சங்கம்: ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற மென்பொருளில் ஆளுக்கு இவ்வளவு என்ற கட்டணமே இல்லையாமே?

ஆம், திறந்த மூல மென்பொருள், ஆளுக்கு லைசன்ஸ் கட்டணம் கிடையாது. சேர்வர், பராமரிப்பு, அமைத்துத் தருபவரின் கூலி உண்டு. ஆட்கள் அதிகமாகவும் ஒவ்வொருவரும் கொஞ்ச நேரமும் பாவிக்கும் சங்கம் போன்ற இடத்துக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது அதைத்தான்.

கொட்பே, மீன் பதனிடும் கம்பனிக் கணக்காளர்: அக்கா, லொக்கைப் பார்த்தேன். 33 வந்தது 2.04க்கு. ஆனால் இரவு 10 மணிக்கும் 19 காட்டுகிறது. அலுவலகம் பூட்டியிருக்கும் நேரம்.

சிப்ட் மாற்றத்தில் 16 பேர் சரி. மிச்சம் மூன்றும் யாருடையது என்று பெயரைப் பாருங்கள். அலுவலகக் கணனியை அணைக்காமல் போனவர்களாக இருக்கலாம், வேலையை விட்டுப்போனவரின் கணக்கு எங்காவது தானாக ஓடிக்கொண்டிருக்கவும் கூடும். இரண்டாவது என்றால் லைசன்ஸ் பேசுவதற்கு முன்பே, இன்றைக்கே அந்தக் கணக்கை மூடுங்கள்.