காந்தத்தின் பக்கத்தில் மின்னூட்டம்: பந்தை நகர்த்தியது எது?

"கடலூரில் பிளஸ் டூ இயற்பியல் எடுக்கிறேன். அலுமினியத் தாள் சுற்றிய டேபிள் டென்னிஸ் பந்துக்கு மின்னூட்டம் கொடுத்து, நூலில் தொங்கவிட்டு, பக்கத்தில் ஸ்பீக்கர் காந்தத்தை வைத்தேன். பந்து காந்தத்தை நோக்கி லேசாக நகர்ந்தது. இரண்டும் அசையாமல் இருந்தாலும் புலத்தில் உந்தம் இருக்கும் என்று படித்திருக்கிறேன். பந்தை நகர்த்தியது அதுவா? எதுவுமே நகராதபோது உந்தம் எப்படி வரும்?"

நகர்த்தியது அது இல்லை. பந்தின் மின்புலம் காந்தக் கட்டியில் எதிர் மின்னூட்டத்தைத் தூண்டுகிறது. அந்த ஈர்ப்பைத்தான் பார்த்தீர்கள். காந்தத்தைத் தலைகீழாகத் திருப்பி வையுங்கள்; பந்து அப்போதும் காந்தத்தை நோக்கியே வரும். காந்தத்தை எடுத்துவிட்டு அதே அளவு பித்தளைத் துண்டை வைத்தாலும் வரும். ஆக, இதில் காந்தத்தன்மைக்கு வேலையே இல்லை.

ஆனால் நீங்கள் படித்ததும் உண்மை. மின்புலமும் காந்தப்புலமும் ஒரே இடத்தில் குறுக்காகச் சந்தித்தால் அங்கே ஒரு கன மீட்டருக்கு ε₀E×B அளவு உந்தம் இருக்கும். பந்தும் காந்தமும் அசையாமல் இருப்பது இதைத் தடுப்பதில்லை. இந்த உந்தம் இருப்பதைக் காட்ட ஒரு வழி, காந்தத்தைச் சூடாக்கிக் காந்தத்தன்மையை அழிப்பது. ஃபெர்ரைட் காந்தத்துக்கு ஏறக்குறைய 450 டிகிரி செல்சியஸ் தேவை. காந்தப்புலம் குறையும்போது அதைச் சுற்றி ஒரு மின்புலம் தூண்டப்படுகிறது. அது பந்தைத் தள்ளும். காந்த அச்சு செங்குத்தாக இருந்து, பந்து அதற்குக் கிழக்கே தொங்கினால், தள்ளல் வடக்கே அல்லது தெற்கே இருக்கும். காந்தத்தைத் திருப்பி வைத்திருந்தால் திசையும் மாறும். நீங்கள் பார்த்த ஈர்ப்புக்கு இந்த இரண்டு அடையாளமும் கிடையாது.

எவ்வளவு தள்ளும்? பந்தில் 10 நானோ கூலும், அதாவது சுமார் 4,500 வோல்ட். 3 கன சென்டிமீட்டர் ஃபெர்ரைட்டின் காந்தத் திருப்புத்திறன் சுமார் 1 A·m². இடைவெளி 5 செ.மீ. பந்துக்குக் கிடைக்கும் மொத்த உந்தம்:

p = (μ₀/4π) · q · m / r² = 10⁻⁷ × 10⁻⁸ × 1 / 0.0025 = 4 × 10⁻¹³ kg·m/s

3 கிராம் பந்துக்கு இது நொடிக்கு ஏறக்குறைய ஓர் அணுவின் விட்டம் அளவு வேகம். நீங்கள் பார்த்த ஈர்ப்பு சில மைக்ரோ நியூட்டன். அது ஒரு மைக்ரோ நொடியிலேயே இதைப்போலப் பத்து மடங்கு உந்தம் கொடுத்துவிடும். பள்ளி ஆய்வகத்தில் இதைக் காட்ட முடியாது.

சரி, உங்கள் கடைசிக் கேள்விக்கு வருவோம், அதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். மொத்த அமைப்பும் அசையாமல் இருந்தால் மொத்த உந்தம் பூஜ்ஜியமாக இருந்தே ஆக வேண்டும். புலத்தில் கொஞ்சம் இருந்தால், அதே அளவு எதிர்த்திசையில் வேறு எங்கோ இருக்க வேண்டும். அது காந்தத்துக்குள்ளேயே இருக்கிறது. 1967இல் ஷாக்லியும் ஜேம்ஸும் இதை மறை உந்தம் என்று காட்டினார்கள்.

தூண்டப்பட்ட மின்னூட்டத்தை இப்போதைக்கு மறந்துவிட்டு, காந்தத்தை ஒரு சதுரக் குழாயில் சுற்றி ஓடும் நேர்மின் துகள்களாக நினைத்துக்கொள்ளுங்கள். பந்தும் நேர்மின்னூட்டம் கொண்டது. பந்தை விட்டு விலகும் துகள்களை அதன் புலம் விரட்டுகிறது, நெருங்கும் துகள்களைத் தடுக்கிறது. ஆகவே பந்துக்குத் தொலைவான பக்கத்தில் குறைவான துகள்கள் வேகமாகவும், அருகிலுள்ள பக்கத்தில் நிறைய துகள்கள் மெதுவாகவும் ஓடும். மின்னோட்டம் இரண்டு பக்கமும் ஒன்றே. நியூட்டன் கணக்கில் எண்ணிக்கையையும் வேகத்தையும் பெருக்கினால் இரு பக்கமும் சமம், எதிர்த்திசை. மிச்சம் எதுவும் இல்லை. ஆனால் சார்பியலில் வேகமான துகளின் உந்தம் வேகத்தின் விகிதத்தைவிடச் சற்றுக் கூடுதலாக ஏறுகிறது. அதனால் தொலைவான பக்கம் கொஞ்சம் ஜெயிக்கிறது. அந்த மிச்சம், புலத்தில் உள்ள உந்தத்துக்கு மிகச் சரியாக எதிரானது. காந்தத்தன்மை அழியும்போது புலத்தின் பங்கு பந்துக்குப் போகிறது, மறைந்திருந்த பங்கு காந்தத்தை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது.

உண்மைக் காந்தத்தில் இப்படிக் குழாய் இல்லை, காந்தத்தன்மை பெரும்பாலும் எலக்ட்ரானின் தற்சுழற்சியிலிருந்து வருகிறது. ஆனாலும் மொத்தம் பூஜ்ஜியம் என்ற விதி மாறாது. நியோடிமியம் போன்ற உலோகக் காந்தத்தில் மட்டும் கணக்கு வேறு: மேற்பரப்பில் தூண்டப்பட்ட மின்னூட்டம் பந்தின் புலத்தை உள்ளே விடாமல் மறைத்துவிடுகிறது, எதிர்த் தள்ளல் அந்த மின்னூட்டத்தின் மேல் விழுகிறது.

வகுப்பில் பித்தளைச் சோதனையை மட்டும் செய்யுங்கள். கடலூர்க் காற்றின் ஈரத்தில் மின்னூட்டம் சீக்கிரம் கசிந்துவிடும். ஆனி மாதத்தில், மேல்காற்று வறண்டு வீசும் முற்பகலில், கடற்காற்று இறங்குவதற்கு முன் முடித்துவிடுங்கள். நூலுக்குப் பருத்தி வேண்டாம், நைலான் போதும்.