நாசூக்கு இருந்தால் போதாது தம்பி, நுன்ச்சி வேறு

கொரியாவில் முதுகலைக்கு இடம் கிடைத்ததில் சந்தோஷம். ஆனால் "நான் யாரிடமும் மரியாதைக் குறைவாகப் பேசமாட்டேன், அதனால் இந்த நுன்ச்சி எனக்குப் பிரச்சினை இல்லை" என்று எழுதியிருக்கிறாயே, அங்கேதான் இடிக்கிறது.

கொரிய மொழியில் நுன் என்றால் கண். சுற்றியிருப்பவர்களின் மனநிலையைக் கண்ணாலேயே அளந்துவிடுவதுதான் நுன்ச்சி. அது ஒருவரிடம் இருந்தால் கொரியர்கள் 'நுன்ச்சி வேகம்' என்பார்கள், அதாவது சட்டென்று பிடிபட வேண்டும், வீட்டுக்குப் போய் யோசித்துப் புரிந்துகொண்டால் கணக்கில் வராது. நாசூக்கு என்பது பேசும்போது வேண்டியது. இப்போது பேசலாமா என்பதையே முடிவு செய்வது நுன்ச்சி. அது நல்ல குணமாகவும் இருக்க வேண்டியதில்லை: நுன்ச்சி வேகமாக இருந்தால் புத்தக் கோயிலில்கூட உப்பில் ஊறிய இறால் வாங்கிச் சாப்பிடலாம் என்று அவர்களிடம் ஒரு பழமொழி உண்டு. அசைவம் சமைக்காத இடம் அது!

உன் ஆய்வகத்தையே எடுத்துக்கொள். வாராந்தரக் கூட்டத்தில் ஒரு புதிய சோதனை செய்யலாம் என்கிறாய், பேராசிரியர் "ம்ம்... யோசித்துப் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு அடுத்த தாளைப் புரட்டுகிறார். சீனியர்கள் இருவர் மேசையைப் பார்க்கிறார்கள், யாரும் கேள்வி கேட்கவில்லை. நீயோ மிகப் பணிவாக, "சார், இன்னும் 2 நிமிடம்" என்று மறுபடி விளக்குகிறாய். பணிவில் ஒரு குறையும் இல்லை, ஆனால் அவருடைய 'யோசித்துப் பார்ப்போம்' பெரும்பாலும் 'வேண்டாம்' என்பதை நீ கவனிக்கவில்லை. பேராசிரியரை எல்லோர் முன்னாலும் வாய்விட்டு மறுக்க வேண்டிய நிலைக்குத் தள்ளிவிட்டாய். தாள் புரண்டதுமே உட்கார்ந்திருக்க வேண்டும், அப்புறம் சொன்பே ஒருவரோடு, அதாவது சீனியரோடு, காபி குடிக்கும்போது "பேராசிரியருக்கு எது பிடிக்கவில்லை?" என்று கேட்டிருக்கலாம். பணமா, கருவி வேறொருவர் கையில் இருக்கிறதா, அந்தத் தலைப்பை இன்னொரு மாணவர் எடுத்திருக்கிறாரா என்று அங்கேதான் தெரியும்.

சரி, இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. 'நுன்ச்சி பார்ப்பது' என்று கொரியர்கள் சொன்னால் அது பாராட்டு இல்லை, அடுத்தவர் முகத்துக்குப் பயந்து பயந்து நடப்பது. பேராசிரியர் அறையில் விளக்கு எரிகிறது என்பதற்காக வேலை முடிந்தும் இரவு 10 மணிவரை உட்கார்ந்திருப்பாயே, அதுதான். நுன்ச்சி உள்ளவன் கவனம் அறையில் இருக்கும், நுன்ச்சி பார்க்கிறவன் 'என்னைப் பற்றி என்ன நினைப்பார்களோ' என்பதிலேயே இருப்பான்.

கொரிய மொழி பழகும்வரை உனக்குப் பாதி குறிப்புகள் பிடிபடாது, முதல் சில மாதங்கள் அவர்களும் விட்டுக்கொடுப்பார்கள். ஆனால் கெடு தேதி, உதவித்தொகை, ரசாயனப் பாதுகாப்பு மூன்றிலும் முகத்தைப் பார்த்து ஊகிக்காதே, நேராகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்.