பித்தப்பை எடுத்த பின் இட்லிப் பொடிக்கு எவ்வளவு எண்ணெய்?

“லேப்ராஸ்கோப்பில் பித்தப்பையை எடுத்து 12 நாள் ஆச்சு. காலையில நாலு இட்லி, பொடிக்கு மூணு ஸ்பூன் நல்லெண்ணெய். சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல வயித்தால போகுது. எண்ணெயையே விட்டுடணுமா?”
– வாசகி, மேலூர்

விட வேண்டாம் அம்மா, குறைத்தால் போதும். ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் உடலில் சேரக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும்.

பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். அது இப்போதும் சுரந்துகொண்டுதான் இருக்கிறது. முன்பு பித்தப்பை அதைச் சேர்த்துவைத்து, எண்ணெய்ச் சாப்பாடு உள்ளே வந்ததும் மொத்தமாகப் பிழிந்துவிடும். இப்போது அது நாள் முழுக்கக் குடலுக்குள் சிறுகச் சிறுக வடிகிறது. அதனால் ஒரே நேரத்தில் நிறைய எண்ணெய் வந்தால் சமாளிக்க முடிவதில்லை. சின்ன ஸ்பூன் ஒன்றில் ஏறக்குறைய 4.5 கிராம் கொழுப்பு. உங்கள் மூன்று ஸ்பூனில் 13 கிராமுக்கு மேல் ஒரே வேளையில் போய்விடுகிறது.

மலத்தைக் கவனித்தால் காரணம் ஓரளவு பிடிபடும். பிசுபிசுப்பாக, மிதந்துகொண்டு, கடும் நாற்றத்தோடு, தண்ணீர் ஊற்றினாலும் ஒட்டிக்கொண்டிருந்தால் செரிக்காத கொழுப்பு வெளியே போகிறது. மஞ்சளாக, தண்ணீராக, அடக்க முடியாத அவசரத்தோடு போனால், மிஞ்சிய பித்த அமிலம் பெருங்குடலுக்கு இறங்கி அங்கே நீரைச் சுரக்கச் செய்கிறது. இந்த இரண்டாவது வகை எண்ணெயைக் குறைத்தால் மட்டும் முழுதாக அடங்காது. கரையும் நார்ச்சத்தும் வேண்டும்: ஓட்ஸ் கஞ்சி, வாழைப்பழம், வேகவைத்த கேரட். அதையும் மெதுவாகக் கூட்டுங்கள். ஒரேயடியாகச் சேர்த்தால் வயிறு உப்பும்.

உங்கள் காலைச் சாப்பாட்டை இப்படிப் பிரியுங்கள். ஏழு மணிக்கு இரண்டு இட்லி, பொடிக்கு ஒரே ஒரு ஸ்பூன் எண்ணெய். பத்து மணிக்கு இரண்டு இட்லி, எண்ணெய் மிதக்காத சாம்பாரோடு. தேங்காய்ச் சட்னியிலும் கொழுப்பு உண்டு, இப்போதைக்குப் புதினாச் சட்னி போதும். மற்ற வேளையிலும் தாளிப்பையும் சேர்த்து ஒரு ஸ்பூனுக்கு மேல் போகாமல் பாருங்கள். நான்கு நாள் மலம் சரியாகப் போனால் ஒரு வேளைக்கு மட்டும் அரை ஸ்பூன் கூட்டுங்கள். மறுபடி இளகினால் பழைய அளவுக்கே திரும்புங்கள். காபி குடலை முடுக்கும், அதையும் சில நாள் குறையுங்கள். கறிதோசை, பரோட்டா சால்னா எல்லாம் கடைசியில்தான். ஜிகர்தண்டா வயிற்றுக்குக் குளிர்ச்சி என்று குடித்துவிடாதீர்கள். சுண்டிய பாலும் ஐஸ்கிரீமும் சேர்ந்தது அது.

பெரும்பாலும் சில வாரங்களில் இது அடங்கிவிடும். நான்கு வாரம் தாண்டியும் தண்ணீராகப் போனால் மருத்துவரிடம் சொல்லுங்கள். பித்த அமிலத்தைப் பிடித்துக்கொள்ளும் கொலஸ்டைரமின் பொடி தரக்கூடும். மற்ற மாத்திரைகளை அதற்கு ஒரு மணி நேரம் முன்போ, நான்கு முதல் ஆறு மணி நேரம் கழித்தோ போட வேண்டும். இல்லாவிட்டால் அவற்றையும் அது பிடித்துக்கொள்ளும்.

காய்ச்சல், கண் மஞ்சளாவது, அடர்நிறச் சிறுநீர், வெளிறிய மலம், மலத்தில் ரத்தம், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி – இதில் எது வந்தாலும் அன்றே அறுவை சிகிச்சை செய்த மருத்துவமனைக்குப் போங்கள்.